பொருள் பக்கங்கள் மறைந்த மூன்றரை மணி நேரம்: ஒரு சம்பவ ஆய்வுக் குறிப்பு எப்படி எழுதப்படுகிறது

இணையத்தில் விற்பனை செய்யும் ஒரு கடையின் மென்பொருளில் கோளாறு ஏற்பட்டுச் சரிசெய்யப்பட்ட பிறகு, நடந்ததை ஆராய்ந்து எழுதப்படும் ஆவணமே சம்பவ ஆய்வுக் குறிப்பு. என்ன நடந்தது, யாருக்குப் பாதிப்பு, ஏன் உடனே தெரியவில்லை, இனி எது மாற்றப்படும் என்ற நான்கு கேள்விகளுக்கு அது விடை சொல்ல வேண்டும். சிறு குழுவுக்கு இரண்டு பக்கம் போதும். ஆனால் சர்வர் பதிவுகள் அழியுமுன், நினைவு மங்குமுன், ஓரிரு நாளுக்குள் எழுதிவிட வேண்டும்.

ஐந்தாறு பேர் நடத்தும் ஒரு கடையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். விற்பனைக்குத் தயாராகாத பொருட்களை மறைத்துவைக்கும் வசதி ஒன்றை அந்தக் குழு சேர்க்கிறது. அதற்காகத் தரவுத்தளத்தின் பொருள் அட்டவணையில் `hidden` என்ற புதிய பத்தி வருகிறது. மறைக்கப்படாத பொருட்களை மட்டும் எடுக்கும்படி கடையின் நிரலும் மாற்றப்படுகிறது:

```sql
SELECT * FROM products
WHERE hidden = false;
```

படிக்கும்போது இதில் பிழை எதுவும் தெரியாது. ஆனால் ஏற்கெனவே அட்டவணையில் இருந்த பொருட்களுக்கு அந்தப் பத்தியில் ஒன்றும் நிரப்பப்படவில்லை. எஸ்க்யூஎல் மொழியில் வெற்றிடம் `NULL` எனப்படும். அது ‘ஆம்’ என்றும் பொருள்படாது, ‘இல்லை’ என்றும் பொருள்படாது. ‘தெரியாது’ என்பதே அதன் பொருள். தெரியாத ஒன்றை `false` உடன் ஒப்பிட்டால் விடையும் தெரியாது என்றே வரும். அப்படிப்பட்ட வரிசைகளைத் தரவுத்தளம் விட்டுவிடும். அதனால் பழைய பொருட்கள் எல்லாமே கடையிலிருந்து மறைந்தன. அவற்றின் பக்கங்கள் 404, அதாவது ‘பக்கம் இல்லை’ என்று பதில் சொன்னன.

குறிப்பின் முதுகெலும்பு கால வரிசை. ஒவ்வொரு நேரத்திலும் குழுவின் கண்ணுக்குத் தெரிந்தது என்ன என்பதை அது பதிவு செய்ய வேண்டும். பின்னால் தெரியவந்ததை முன்னால் நுழைக்கக் கூடாது. இந்தச் சம்பவத்தில் அது இப்படி அமையும்:

காலை 10:10: புதிய பதிப்பு சர்வரில் ஏற்றப்பட்டது.
10:15: முதல் 404 பதில்கள் போகத் தொடங்கின. அதே நேரத்தில் ஏற்றியவர் முகப்புப் பக்கத்தையும் புதிதாகச் சேர்த்த ஒரு பொருளையும் திறந்து பார்த்தார். இரண்டும் சரியாக இருந்தன.
11:25: இணைப்பு திறக்கவில்லை என்று முதல் வாடிக்கையாளர் தொலைபேசியில் சொன்னார். சரக்கு தீர்ந்து பக்கம் எடுக்கப்பட்டிருக்கும் என்று ஊழியர் கருதினார்.
12:40: மூன்றாவது அழைப்புக்குப் பின் செய்தி நிரலாளர்களுக்குப் போனது.
1:30: காரணம் தெரிந்து, பழைய பதிப்பு மீண்டும் ஏற்றப்பட்டது. ஆனாலும் வாடிக்கையாளர்களுக்கு 404 வந்துகொண்டே இருந்தது.
1:50: இடைச் சேமிப்பு முழுவதும் காலி செய்யப்பட்டது. எல்லாப் பக்கங்களும் திரும்பின.

மொத்தப் பாதிப்பு 215 நிமிடம். அதை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால்தான் குறிப்பு பயன் தரும். கோளாறு இருப்பதே தெரியாமல் கழிந்தது 145 நிமிடம். காரணம் தேடியது 50 நிமிடம். சரிசெய்தது 20 நிமிடம். பிழை ஒரே வரியில் இருந்தது. நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கோ அது கண்ணில் படாததால் போனது. ஆகவே ஆய்வின் கவனம் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

ஏன் கண்ணில் படவில்லை என்பதற்குப் பல காரணங்கள் சேர்ந்திருக்கின்றன. சோதனைத் தரவுத்தளம் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கப்படுவது. அதில் எல்லாப் பொருட்களும் புதிய பத்தி வந்த பிறகு சேர்ந்தவை. `false` என்று நிரப்பப்பட்டவை. வெற்றிடம் அங்கே இருந்ததே இல்லை. தானியங்கிக் கண்காணிப்பு முகப்புப் பக்கத்தை மட்டும் தட்டிப் பார்த்தது. வாடிக்கையாளருக்கு அருகிலுள்ள சர்வர்களில் பக்கங்களின் நகலை வைத்திருக்கும் இடைச் சேமிப்பு, பழைய நகல்களை ஒரு மணி நேரம் வரை காட்டியது. அதனால் பக்கங்கள் ஒரே அடியாக மறையாமல் ஒவ்வொன்றாக மறைந்தன. காரணம் தேடியவர்களுக்குச் சில பக்கங்கள் திறந்ததும் சில திறக்காததுமே நினைவில் நின்றதால், அவர்கள் இடைச் சேமிப்பையே நெடுநேரம் சந்தேகித்தார்கள். பழைய பதிப்பு திரும்பிய பிறகும் கோளாறு நீடித்ததற்குக் காரணம், அதே சேமிப்பு 404 பதில்களையும் நகலெடுத்து வைத்திருந்தது.

இவற்றுள் எதற்கும் ‘ஏற்றியவரின் கவனக்குறைவு’ என்பது விளக்கமாகாது. அவர் சோதித்தார், சோதித்த இரண்டும் சரியாகவே இருந்தன. எட்ஸி நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் ஆல்ஸ்பா 2012-இல் எழுதிய கட்டுரை, குற்றம் சாட்டாத ஆய்வு என்ற இந்த அணுகுமுறையை மென்பொருள் துறையில் பரவலாக்கியது. தண்டனைக்கு அஞ்சுபவர் தாம் கண்டதையும் செய்ததையும் முழுமையாகச் சொல்ல மாட்டார். அந்த விவரங்கள் இல்லாமல் கால வரிசையில் ஓட்டை விழும் என்பதே அதன் அடிப்படை.

கிட்லாப் நிறுவனம் 2017 ஜனவரி 31-இல் நடந்த தன் தரவு இழப்பைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவை நீக்கியதுடன் அந்த ஆய்வு நிற்கவில்லை. அன்றாடக் காப்புப் பிரதி ஏற்கெனவே எடுக்கப்படாமல் இருந்தது, அதை எச்சரிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் உரியவர்களுக்குச் சேராமல் போயின என்பதை அது வெளிக்கொணர்ந்தது.

பாதிப்பை எழுதும்போது மதிப்பீடு என்று சொல்லியே எழுத வேண்டும். கடந்த வாரம் அதே கிழமையில் அதே நேரத்தில் வந்த ஆர்டர்களோடு ஒப்பிடுவது எளிய வழி. வாங்க வந்து திரும்பியவர்களில் எத்தனை பேர் பின்னர் வாங்கினார்கள் என்பதை அந்த எண் சொல்லாது.

குறிப்பின் கடைசிப் பகுதி, செய்ய வேண்டியவை. இவை குறைவாக இருக்க வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரும் ஒரு தேதியும் வேண்டும். ‘இனி கவனமாக இருப்போம்’ என்பதை முடிந்ததா என்று சோதிக்க வழியில்லை. ஆகவே அது பட்டியலில் இடம்பெறக் கூடாது. இந்தச் சம்பவத்துக்கு நான்கு போதும். முதலாவது, வெற்றிடங்களை நிரப்பி, இனி வெற்றிடமே வராதபடி தரவுத்தளத்தில் தடை வைப்பது:

```sql
UPDATE products SET hidden = false
WHERE hidden IS NULL;
ALTER TABLE products
  ALTER COLUMN hidden SET DEFAULT false,
  ALTER COLUMN hidden SET NOT NULL;
```

இரண்டாவது, பழைய பொருட்களில் பத்தின் பக்கங்களைக் கண்காணிப்பு நிரல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, இடைச் சேமிப்பைத் தாண்டி நேரே சர்வரில் திறந்து, பெயரும் விலையும் தெரிகின்றனவா என்று பார்ப்பது. மூன்றாவது, 404 பதிலை ஒரு நிமிடத்துக்கு மேல் சேமிக்காமலிருப்பதும், பழைய பதிப்புக்குத் திரும்பும்போது சேமிப்பைக் காலி செய்வதைச் செயல்முறையில் சேர்ப்பதும். நான்காவது, பக்கம் திறக்கவில்லை என்று இரண்டு பேர் சொன்னாலே நிரலாளரை அழைக்கலாம் என்று வாடிக்கையாளர் சேவை ஊழியருக்கு உரிமை கொடுப்பது.

சில வாரம் கழித்துக் குழு இந்தப் பட்டியலை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். கண்காணிப்பு அமைத்தாகிவிட்டது என்ற பதில் மட்டும் போதாது. சோதனை சர்வரில் ஒரு பழைய பொருளை வேண்டுமென்றே மறைத்து, ஐந்து நிமிடத்துக்குள் எச்சரிக்கை பொறுப்பாளரின் தொலைபேசிக்கு வந்து சேர்ந்ததா என்று பார்த்த பிறகே அந்த வேலையை முடிந்தது என்று குறிக்க வேண்டும்.