சேமநிதி எப்போது இரட்டிக்கும்?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவரின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் பிடிக்கப்படும் தொகை, முதலாளியின் பங்கோடு சேர்ந்து, ஊழியர் சேமநிதி வாரியத்துக்குச் செல்கிறது. 1951இல் தோன்றிய இந்நிதியில் இருக்கும் பணம் எத்தனை ஆண்டில் இரு மடங்காகும் என்பதை அறிய மடக்கை அட்டவணை வேண்டியதில்லை. 72ஐ ஆண்டு விழுக்காட்டால் வகுத்தால் போதும். லூக்கா பச்சோலி 1494இல் வெனிசில் அச்சிட்ட கணித நூலிலேயே இவ்விதி காணப்படுகிறது.

ஈவு 6 விழுக்காடு எனின், 72ஐ 6ஆல் வகுக்க 12 ஆண்டு. 10,000 ரிங்கிட்டுக்கு முதலாண்டில் 600 சேரும். மறு ஆண்டில் அந்த 600க்கும் ஈவு கிடைப்பதால் 636 சேரும். இவ்வாறு வளர்ந்து பன்னிரண்டாம் ஆண்டின் முடிவில் ஏறத்தாழ 20,122 ஆகிறது. ஈவு முதலோடு சேராத தனிவட்டிக்கு இவ்விதி பொருந்தாது.

72 என்பது ஏன்? மிகச் சிறிய விகிதங்களுக்கு உண்மையான எண் 69.3 ஆகும். விகிதம் 8ஐ நெருங்கும்போது அது 72ஐ எட்டுகிறது. மேலும் 72, 2, 3, 4, 6, 8, 9 ஆகிய எண்களால் மீதியின்றி வகுபடும். மனக்கணக்குக்கு இது பெரும் வசதி. சட்டம் உறுதியளிக்கும் குறைந்த அளவான 2.5 விழுக்காட்டுக்கு விதி 28.8 ஆண்டு என்கிறது, உண்மை 28.1 ஆண்டே. பிழை அவ்வளவுதான்.

ஆனால் சேமநிதியின் ஈவு ஆண்டுக்காண்டு மாறுவது. 1983 முதல் 1987 வரை 8.5 விழுக்காடாக இருந்தது. 2002இல் சரிபாதியாக 4.25க்கு இறங்கியது. எந்த எண்ணால் வகுப்பது என்று மாணவர் கேட்கக்கூடும். வகுக்காமல் கூட்டுக. ஒவ்வோர் ஆண்டின் விழுக்காட்டையும் கூட்டிக்கொண்டே வருகையில், கூட்டுத்தொகை 72ஐ எட்டும்போது பணம் ஏறத்தாழ இரட்டித்திருக்கும். 2020 முதல் 2024 வரை வழக்கமான சேமிப்புக்கு அறிவிக்கப்பட்டவை 5.20, 6.10, 5.35, 5.50, 6.30. கூட்டினால் 28.45, இன்னும் 43.55 தேவை. அதே வேகம் நீடித்தால் ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். இக்கணக்கு 2020இன் தொடக்கத்தில் இருந்த இருப்புக்கு மட்டுமே உரியது. அதன்பின் சேர்ந்த சந்தாவையும் உள்ளிட்ட மொத்த இருப்பைப் பார்த்து, பணம் விரைவில் இரட்டித்ததாக எண்ணிவிடுவோர் பலர்.

இவ்விதி ஆண்டுக்கு மட்டும் உரியதன்று. வட்டி எந்தக் காலத்துக்கு விதிக்கப்படுகிறதோ அதே காலத்தில் விடை வரும். மாதம் 3 வட்டிக்கு வாங்கிய கடனில் தவணையும் வட்டியும் கட்டாது, வட்டி முதலோடு ஏறிக்கொண்டே போனால், 72ஐ 3ஆல் வகுக்க 24 கிடைக்கும். இவை ஆண்டுகள் அல்ல, மாதங்கள். சேமநிதியில் 10,000 ரிங்கிட் 20,000 ஆவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும் இடத்தில், அக்கடன் இரண்டே ஆண்டில் அத்தொகையை அடைந்துவிடும்.