மூன்று ஆச்சரியக்குறி போட்டால் சேலை விற்குமா?

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது மின்னஞ்சலைத் திறந்தால் எல்லாக் கடைகளும் ஒரே குரலில் கத்துகின்றன: ‘அதிரடித் தள்ளுபடி!!! இன்றே கடைசி!!!’ படிக்காமலே அழித்துவிடுகிறோம். ஸ்பேம் பெட்டிக்குள் விழுந்தவை நம் கண்ணிலேயே படுவதில்லை.

சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு சிறு கடை, தன் பழைய வாடிக்கையாளர்கள் ஆயிரம் பேருக்கு மெயில் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். சப்ஜெக்டில் என்ன எழுதுவது?

‘உங்களுக்காக ஒரு ரகசியம்’ என்று எழுதலாம். ஆவலைத் தூண்டும்தான். ஆனால் லாட்டரி மோசடிக்காரனும் இதையேதான் எழுதுவான். ‘மாம்பழ மஞ்சளில் 40 சேலைதான்’ என்று எழுதிப் பாருங்கள். சேலை என்பது தெரிகிறது, நிறம் தெரிகிறது. ஏன் நாற்பதோடு நின்றது என்பது மட்டும் தெரியவில்லை. அந்த ஒரு கேள்விதான் விரலை இழுக்கும். செல்போன் திரையில் நாலைந்து சொல்லுக்கு மேல் தெரியாது என்பதால், ‘மாம்பழ மஞ்சள்’ முதலில் வந்ததும் நல்லதே.

மெயிலைத் திறந்ததும் முதல் வரியிலேயே பதில் இருக்க வேண்டும்: ஒரு முறை கலந்த சாயம் நாற்பது சேலைக்குத்தான் வந்தது. இது உண்மையாகவும் இருக்க வேண்டும். கிடங்கில் நானூறு சேலையை அடுக்கி வைத்துக்கொண்டு இப்படி எழுதினால் அடுத்த பொங்கலுக்கு யாரும் நம்ப மாட்டார்கள்.

‘இலவசம்’ என்ற சொல்லைப் போட்டாலே ஸ்பேம்தான் என்று பலர் பயப்படுகிறார்கள். அது பாதி உண்மை. ஸ்பேம்அசாசின் போன்ற வடிகட்டிகள் ஒவ்வொரு குறைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளி போடும். வழக்கமான அமைப்பில் மொத்தம் 5 புள்ளி சேர்ந்தால்தான் மெயில் ஸ்பேம் ஆகும். ஆங்கிலத்தில் எல்லாமே பெரிய எழுத்தாக இருப்பதும் அப்படியொரு குறை. நல்லவேளை, தமிழில் பெரிய எழுத்து கிடையாது. நாம் ஆச்சரியக்குறியில் ஈடுகட்டிவிடுகிறோம்!

ஜிமெயில் சொல்லை மட்டும் பார்ப்பதில்லை. அனுப்புகிறவர் யார், அவர் மெயிலை வாங்கியவர்கள் என்ன செய்தார்கள் என்றும் பார்க்கிறது. அனுப்புகிறவர்கள் மீதான ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்பது 2024 பிப்ரவரி முதல் அதன் விதி. நம் சின்னாளப்பட்டிக் கடைக்கும் இது பொருந்தும். கணக்கைப் பாருங்கள்: ஆயிரத்தில் மூன்று பேர் எரிச்சலில் ஸ்பேம் பொத்தானை அழுத்தினால் போதும், அந்த அளவு வந்துவிடும். எழுதாத கடிதத்துக்குப் பதில் போல ‘Re:’ என்று தொடங்கும் தந்திரம் அந்த மூன்று பேரை ஒரே நாளில் தேடித் தரும்.

ஆகவே, ‘இனி அனுப்ப வேண்டாம்’ என்ற இணைப்பைப் பொடி எழுத்தில் ஒளிக்காதீர்கள். அந்த வழியாக விலகிப் போகிறவர் ஸ்பேம் பொத்தானைத் தேட மாட்டார்.