மலை ஏறும் பஸ்ஸும் ஒரு மாத்திரையும்

"பஸ்ல போனா வாந்தி வருது, ஒரு மாத்திரை குடுங்கண்ணே" என்று மெடிக்கலில் கேட்பவர்களில் பாதிப் பேராவது பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டுதான் கேட்கிறார்கள். வாங்கி, வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, அப்படியே ஏறிவிடுகிறார்கள். அப்புறம் வாந்தி வந்தால் மாத்திரைமேல் பழி. உண்மையில் மாத்திரைக்கு நேரமே கொடுக்கவில்லை.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் போகும் பாதையை எடுத்துக்கொள்வோம். ஆழியாறு வரை சமவெளி. அதன்பின் 40 கொண்டை ஊசி வளைவுகள். காலை 7 மணிக்குப் பஸ் கிளம்பினால் எட்டு மணிவாக்கில் வளைவுகள் ஆரம்பித்துவிடும். காதின் உட்பகுதியில் உடலின் சமநிலையை உணரும் உறுப்பு ஒன்று இருக்கிறது. "சுழல்கிறோம், சாய்கிறோம்" என்று அது மூளைக்குச் சொல்கிறது. செல்போனையோ முன்சீட்டின் முதுகையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண், "எதுவும் அசையவில்லையே" என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் பிறக்கிறது. முதலில் கொட்டாவி, பிறகு வாயில் எச்சில் ஊறும், நெற்றியில் குளிர்ந்த வியர்வை. இந்தக் கட்டம் வந்துவிட்டால் இரைப்பையின் அசைவும் மந்தமாகிவிடும். அப்போது விழுங்கும் மாத்திரை குடலுக்கு இறங்கி ரத்தத்தில் சேராமல் வயிற்றிலேயே கிடக்கும். அடுத்த வளைவில் அதுவும் வெளியே வந்துவிடலாம்.

நம் ஊர்க் கடைகளில் பயண வாந்திக்கு அதிகம் தருவது அவோமின். இதில் இருக்கும் மருந்து புரோமெத்தசின் தியோக்ளேட், 25 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஒரு மாத்திரை, பயணத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் முன்னதாக. வால்பாறை பஸ்ஸுக்கு என்றால் காலை ஆறு மணிக்கே, வீட்டிலேயே, இரண்டு இட்லியோடு போட்டுக்கொள்வது சரியாக இருக்கும். சென்னையிலிருந்து கொடைக்கானலுக்கு இரவு பஸ்ஸில் போகிறவர்களுக்கு மலைப்பாதை விடியற்காலையில்தான் வரும். அவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பின், தூங்கப்போகும் முன் போட்டால் போதும். தூக்கமும் வரும், மருந்தும் வேலை செய்யும்.

கடையில் வெறுமனே "வாந்தி மாத்திரை" என்று கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு. கெட்டுப்போன சாப்பாட்டாலோ காய்ச்சலாலோ வரும் வாந்திக்குத் தரும் டோம்பெரிடோன், ஒண்டன்செட்ரான் போன்றவை கைக்கு வரலாம். அவை நல்ல மருந்துகள்தான். ஆனால் பயணக் குமட்டலை அவை பெரிதாகத் தடுப்பதில்லை. "பஸ் பயணத்துக்கு" என்று சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.

இனி தூக்கத்துக்கு வருவோம். எனக்கு இதுதான் பெரிய விஷயம். அவோமின் போன்ற மாத்திரைகள் மூளைக்குள் போய்த்தான் குமட்டலை அடக்குகின்றன. தூக்கமும் அதே வழியில்தான் வருகிறது. பஸ்ஸில் அசந்து தூங்குவதால் ஆபத்தில்லை, இறங்குமிடம் தவறிப்போகும், அவ்வளவே. ஆபத்து இறங்கிய பிறகுதான். ஸ்டாண்டில் நிறுத்தியிருக்கும் பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறோம். "தெளிவாத்தான் இருக்கேன்" என்று தோன்றும், ஆனால் பிரேக் பிடிப்பதில் ஒரு கணம் பிந்தும். இந்த மயக்கம் சிலருக்கு அடுத்த நாள் காலைவரைகூட நீளும். இரவு பஸ்ஸில் வயதான அம்மாவோ அப்பாவோ இருந்தால், டீக்கு நிறுத்தும் இடத்தில் தனியாகப் படியிறங்க விடாதீர்கள். அரைத்தூக்கத்தில் கால் இடறும்.

சளிக்குப் போடும் செட்ரிசின், சிபிஎம் போன்றவையும் இதே குடும்பம்தான். பல இருமல் சிரப்புகளிலும் அந்த மருந்து கலந்திருக்கும். ஜலதோஷத்துக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று என்று சேர்த்துப் போட்டால் மயக்கம் இரட்டிப்பாகும். தூக்க மாத்திரை, மது இரண்டும் கூடவே கூடாது. கண்ணில் குளுக்கோமா எனும் அழுத்த நோய் உள்ளவர்கள், புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் சரியாகப் போகாத ஆண்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். ஐந்து முதல் பத்து வயதுவரை அரை மாத்திரைதான் வழக்கமான அளவு, அதையும் டாக்டரிடம் கேட்டே கொடுக்கவேண்டும். அதற்கும் கீழுள்ள குழந்தைக்கு, "பயணத்துல தூங்கட்டும்" என்று நீங்களாக உடைத்துக் கொடுக்கவே கூடாது. சின்னக் குழந்தைகளுக்கு இந்த மருந்து மூச்சையே மந்தமாக்கிவிடக்கூடும்.

மலையிலிருந்து இறங்கியதும் வண்டி ஓட்டவேண்டியவர் நீங்கள்தான் என்றால் மாத்திரை வேண்டாம். முன்பக்க ஜன்னலோர சீட்டாகப் பார்த்து உட்கார்ந்து, போனைப் பையில் வைத்துவிட்டு, தூரத்து மலையைப் பாருங்கள். இல்லை, மாத்திரை இல்லாமல் முடியாது என்றால், ஸ்டாண்டுக்கு வந்து அழைத்துப்போக வீட்டில் ஒருவரிடம் முன்னாடியே சொல்லிவையுங்கள்.