திறப்பு விழா நோட்டீஸ்

இனிப்புக் கடைக்காரர் ஒருவர் இரண்டாவது கிளை திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நோட்டீஸில் கதவு எண், தெருவோடு 'பேருந்து நிலையத்துக்கு எதிரில், தரைத்தளம்' என்றும் போட வேண்டும். கதவு எண்ணை வைத்து நம் ஊரில் கடை தேடுவோர் குறைவு.

'6.9.2026, ஞாயிறு' எனக் கிழமையும் சேர்ந்தால் அச்சுப்பிழை உடனே கண்ணில் படும். பூஜை காலை 6 மணிக்கு, விற்பனை 9 மணிக்கு என்றால் இரண்டையும் போடுங்கள். இல்லாவிட்டால் விடியலிலேயே வந்தவர் மூன்று மணி நேரம் நிற்பார்.

தகராறு வருவது சலுகையில்தான். '20 சதவீதம் தள்ளுபடி' என்று மட்டும் அச்சிட்டால் பழைய கடையிலும் கேட்பார்கள். அடுத்த மாதமும் கேட்பார்கள். 'புதிய கிளையில் மட்டும், செப்டம்பர் 6 முதல் 8 வரை, ஒருவருக்கு 2 கிலோ வரை' என்பதைச் சலுகைக்குக் கீழேயே, அதே பெரிய எழுத்தில் போடுங்கள். பொடி எழுத்தில் ஒளித்தால் கல்லாவில்தான் சண்டை.