ஒரு மணி நேரத்துக்குள் ஒரு கூட்டம்

அடுக்ககச் சங்கக் கூட்டம் என்று செயலாளர் அறிவித்ததுமே வாட்ஸ்அப்பில் வந்து குவியும்: "லிஃப்ட் மறுபடி நின்னுடுச்சு", "தண்ணி லாரிக்கு இவ்வளவா?", "மெயின்டனன்ஸ் ஏன் ஏறுது?", "பொங்கல் விழா உண்டா?" இவற்றை அப்படியே வரிசையாகத் தட்டச்சு செய்தால் அது நிகழ்ச்சி நிரல் ஆகாது, புகார்ப் பட்டியல்தான்.

முதலில் ஒன்றோடொன்று ஒட்டுவதைச் சேர்க்க வேண்டும். லாரிச் செலவுதான் மெயின்டனன்ஸை ஏற்றுகிறது என்றால் இரண்டும் ஒரே பொருள். அடுத்து, ஒவ்வொன்றையும் முடிவு கேட்கும் கேள்வியாக்க வேண்டும். 'லிஃப்ட்' என்று மட்டும் எழுதினால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். 'பழுதுபார்ப்பதா, புதிது போடுவதா?' என்றால் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

அறுபது நிமிடத்தில் லிஃப்டுக்கு 25: பொருளாளர் விளக்க 5, பேச 15, முடிவெடுக்க 5. தண்ணீருக்கு 15, பொங்கலுக்கு 5. மீதி 15 நிமிடத்தை வேண்டுமென்றே காலியாக விடுங்கள். லிஃப்ட் பேச்சு எப்படியும் அதைத் தின்றுவிடும். பெரிய செலவை முதலில் வையுங்கள். விழாவில் தொடங்கினால் சாப்பாட்டு மெனுவிலேயே நேரம் போய்விடும்.

பேசுபவர் பெயரைப் போடுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். விலைப்புள்ளிகளின் இணைப்பை மூன்று நாள் முன்பே அனுப்பி, 'இரண்டாம் பக்க அட்டவணை மட்டும் போதும்' என்று எழுதுங்கள். இருபது பக்கத்தை யாரும் படிக்கமாட்டார்கள். அனுப்புமுன் வேறொருவர் போனில் இணைப்பைத் திறந்து பாருங்கள். அனுமதி கேட்டு நின்றால், கூட்டத்தின் முதல் பத்து நிமிடம் வாசிப்பு நேரமாகிவிடும்.