வெளியூரில் இருந்து வீடு கட்டுகிறீர்களா? தினமும் ஐந்து வரி கேளுங்கள்

சென்னையிலோ துபாயிலோ வேலை, சொந்த ஊரில் வீடு கட்டுமானம். இப்படி இருப்பவர்களுக்கு சைட் சூப்பர்வைசரிடமிருந்து சாயங்காலம் வரும் தகவல் பெரும்பாலும் ஒன்றுதான்: "வேலை நல்லா போகுது சார்". கூடவே நாலைந்து போட்டோ. இதை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது. கீழே உள்ளதுபோல ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். எழுத ஐந்து நிமிடம் போதும்.

ஆட்கள்: கொத்தனார் 2, சித்தாள் 3.
வேலை: மேற்குச் சுவர், 9 அங்குலம், 30 அடி நீளம், 4 அடி உயரம் முடிந்தது.
சிமெண்ட்: காலை இருப்பு 42 மூட்டை, வரவு இல்லை, செலவு 4, மாலை இருப்பு 38.
தண்ணீர்: நேற்று கட்டிய தெற்குச் சுவருக்குக் காலை, மாலை விட்டோம்.
நாளை: கிழக்குச் சுவர். சமையலறை ஜன்னல் 4 அடியா, 5 அடியா?

இதில் உயிரான வரி சிமெண்ட் கணக்குதான். வேலையை அளவோடு எழுதினால்தான் அதைச் சரிபார்க்க முடியும். மேலே சொன்ன சுவர் 30 × 4 × ¾, அதாவது 90 கன அடி. ஒன்றுக்கு ஆறு கலவையில் 100 கன அடி செங்கல் கட்டுக்குச் சுமார் 4 மூட்டை பிடிக்கும். ஆக, 4 மூட்டை செலவு நியாயமானது. அதே சுவருக்கு 9 என்று வந்தால் கேட்க வேண்டும். உடனே திருட்டு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வேறொரு மூலையில் பூச்சு வேலை நடந்து, அதை எழுத விட்டுப்போயிருக்கலாம். 2 என்று வந்தாலும் கேளுங்கள். கலவையில் சிமெண்ட் குறைந்திருந்தால் அது இன்னும் மோசம். வாரம் ஒருமுறை, அடுக்கிய மூட்டைகளை எண்ணும்படியாக ஒரு போட்டோ வாங்கி, இருப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தண்ணீர் வரியைச் சிலர் தேவையில்லை என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஞாயிறு லீவு அன்று காய்ந்துபோன சுவரைத் திங்கட்கிழமை நனைத்துவிட்டால், ஒருநாள் விட்டது போட்டோவில் தெரியாது. அதனால் லீவு நாளிலும் இந்த ஒரு வரி வர வேண்டும். கூரைக் கான்கிரீட் என்றால், போட்டு எத்தனையாவது நாள் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பிபிசி சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காக்க வேண்டும்.

போட்டோ எத்தனை என்பதைவிட எதை எடுக்கிறார்கள் என்பதே முக்கியம். நாளை மூடப்படப்போவதை இன்று எடுக்க வேண்டும்: கான்கிரீட்டுக்கு முன் கம்பி இடைவெளி, கம்பிக்கு அடியில் கவர் பிளாக், பூச்சுக்கு முன் சுவருக்குள் போகும் பைப். பக்கத்தில் டேப் விரித்து, அளவு தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள்.

கடைசி வரிக் கேள்விக்கு அன்றிரவே பதில் அனுப்பிவிடுங்கள். பதில் வராவிட்டால், காலையில் ஜன்னல் அளவை மேஸ்திரியே முடிவு செய்துவிடுவார்.