எதிர்ப்பு சக்திக்காக சீந்தில் சாறு: ஈரல் கெட்டு 6 பேர் ஆஸ்பத்திரியில்! ஒரு பெண் சாவு

உடம்பில் எதிர்ப்பு சக்தி ஏறும் என்று நம்பிக் குடித்தார்கள். ஏறியது மஞ்சள் காமாலை!

மும்பையில் நடந்தது இது. 2020-ம் ஆண்டு, கொரோனா பீதி உச்சத்தில் இருந்த நேரம். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 6 பேர் ஈரல் பாதிக்கப்பட்டு டாக்டர்களிடம் வந்தனர். ஒருவருக்கொருவர் சம்பந்தம் இல்லாதவர்கள். ஆனால் 6 பேரும் ஒரே சரக்கைக் குடித்திருந்தார்கள். அதன் பெயர் "கிலோய்".

வடக்கே கிலோய் என்பதுதான் நம் ஊர் சீந்தில் கொடி. நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த தண்டாகவும் பொடியாகவும் கிடைக்கும். இப்போது பாட்டிலில் அடைத்த சாறாகவும் விற்பனை ஆகிறது.

3 மாதக் கஷாயம்

அந்த 6 பேரில் ஒருவர் 40 வயது ஆண். 15 நாளாக மஞ்சள் காமாலை என்று வந்தார். காமாலைக்கு வழக்கமான காரணம் வைரஸ் கிருமி. அதற்கான ரத்தப் பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை. பிறகு துருவித் துருவி விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. சீந்தில் தண்டு 10, 12 துண்டு, கூடவே பட்டை, கிராம்பு போட்டுக் கொதிக்க வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் குடித்திருக்கிறார். அதுவும் 3 மாதம்!

"வேறு ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் கேட்டால், "இல்லை சார்" என்று சொல்லிவிடுவது நம்மவர் வழக்கம். கஷாயத்தை யார் மருந்துக் கணக்கில் சேர்க்கிறார்கள்?

இன்னொருவர் 62 வயது பெண். வயிற்றில் நீர் கோர்த்துக் கொண்டு வந்தவர், 4 மாதம் கழித்து இறந்துபோனார். அவரது ஈரலில் ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்ததில்தான் சீந்தில் மீது டாக்டர்களுக்கு சந்தேகம் வலுத்தது.

காவல்காரனே அடித்தால்?

டாக்டர்கள் சொல்லும் காரணம் இதுதான். சீந்தில் எதிர்ப்பு சக்தியைத் தூண்டுகிறது. ஆனால் சிலருக்கு அந்த சக்தியே சொந்த உடம்பைத் தாக்கும் சுபாவம் கொண்டது. வீட்டுக் காவல்காரனுக்கு வெறி ஏற்றிவிட்டால், திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரனை அடிப்பான் அல்லவா? அந்தக் கதைதான். இந்தக் கோளாறு ஈரலில் சத்தம் இல்லாமல் ஒளிந்திருக்கும். அந்த ஆளுக்கே தெரியாது. சீந்தில் அதைக் கிளப்பி விடுகிறது என்பது டாக்டர்கள் சந்தேகம். 6 பேரில் தைராய்டு கோளாறு உள்ளவரும் இருந்தார்.

இந்த அறிக்கை 2021-ல் வெளிவந்ததும் மத்திய ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. "அவர்கள் குடித்தது அசல் சீந்தில்தானா? அதே ஜாதியில் வேறு கொடி இருக்கிறதே" என்று கேட்டது. நியாயமான கேள்விதான். தண்டில் மருக்கள் போல் புடைத்து, ஒடித்தால் பால் வரும் கொடி ஒன்று உண்டு. அது அசல் அல்ல. தெருவில் தண்டு வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. 2022-ல் நாட்டின் 13 ஆஸ்பத்திரிகளிலிருந்து 43 நோயாளிகளின் விவரம் வெளியானது. குடிக்க ஆரம்பித்து ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் பலருக்குத் தொல்லை தொடங்கியிருக்கிறது.

இன்னொன்றும் பாருங்கள். கொரோனா காலத்தில் ஆயுஷ் அமைச்சகமே சொன்ன அளவு, சீந்தில் சத்து 500 மில்லிகிராம், தினம் 2 வேளை, 15 நாள் அல்லது ஒரு மாதம். ஜனங்களோ அளவும் பார்க்கவில்லை, நாளும் பார்க்கவில்லை. பச்சைத் தண்டில் எவ்வளவு சத்து இறங்குகிறது என்று அடுப்படியில் யார் அளப்பது?

யார் தொடக் கூடாது?

மஞ்சள் காமாலை வந்தவர்கள், கல்லீரல் சுருக்கம், கொழுப்பு ஈரல் உள்ளவர்கள் தொடவே வேண்டாம். சொந்த உடம்பையே தாக்கும் ரக நோய்கள், அதாவது முடக்கு வாதம், லூபஸ், சில வகைத் தைராய்டு, சோரியாசிஸ் உள்ளவர்களும் அப்படியே. கிட்னி மாற்றி வைத்தவர்கள் எதிர்ப்பு சக்தியை அடக்கத்தான் தினம் மாத்திரை விழுங்குகிறார்கள். அவர்கள் சீந்தில் குடிப்பது ஒரு கையால் கட்டி மறு கையால் அவிழ்ப்பது போல. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தவிர்ப்பது நல்லது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் கூடவே சீந்திலும் குடித்தால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடலாம்.

இப்போது குடித்துக் கொண்டிருப்பவர்களுக்கு: சோறு பிடிக்கவில்லை, குமட்டல், அசதி, உடம்பு அரிப்பு, சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போகிறது என்றால், கண் மஞ்சளாகும் வரை காத்திருக்க வேண்டாம். அன்றே சாறை நிறுத்திவிட்டு ஈரல் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் தேறியிருக்கிறார்கள். டாக்டரிடம் போகும்போது பாட்டிலையோ மீதித் தண்டையோ கையோடு எடுத்துப் போக வேண்டும். குணமான பிறகு "கொஞ்சமா குடிச்சுப் பார்ப்போமே" என்று மறுபடி ஆரம்பிக்கக் கூடாது.